சுங்க இன்வாய்ஸ் படத்திலிருந்து குறியீடு, எடை, சரக்குக் கட்டணம், மதிப்பு ஆகியவற்றை ஒரே சீராக எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே இன்வாய்ஸ் படத்தை அலுவலகத்தில் இரண்டு பேர் பார்த்துப் பதிகிறோம். இரண்டு விதமாக வருகிறது. யார் கண்ணில் கோளாறு?

பெரும்பாலும் கண்ணில் கோளாறு இல்லை. தாளில் அச்சாகியிருப்பதைப் படிப்பது ஒரு வேலை, படித்ததற்குப் பொருள் கொள்வது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதுவதால்தான் இந்தக் குழப்பம். மதிப்பு என்ற கட்டத்தில் ஒருவர் தாளின் அடியில் இருந்த 4,142.00 என்ற தொகையை எழுதுகிறார். மற்றவர் அதிலிருந்து சரக்குக் கட்டணத்தைக் கழித்து 3,800.00 என்று எழுதுகிறார். இருவரும் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு விவரத்துக்கும் இரண்டு கட்டங்கள் வையுங்கள். முதல் கட்டத்தில் தாளில் உள்ளது உள்ளபடி, புள்ளி, காற்புள்ளி, அலகு, எழுத்துப்பிழை உட்பட. இரண்டாவது கட்டத்தில் உங்கள் அலுவலக விதிப்படி ஒழுங்குபடுத்திய வடிவம். பின்னால் தகராறு வரும்போது படித்ததில் தவறா, பொருள் கொண்டதில் தவறா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

```
hs_raw    "8413.70"      hs6      "841370"
net_raw   "216,0 KGS"    net_kg   216.0
frt_raw   "342.00"       frt_amt  342.00
```

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே மாதிரி இன்வாய்ஸை வைத்தே பேசுகிறேன். அதில் பொருளுக்கு ஒன்றாக மூன்று வரிகள். வரித்தொகை என்று நான் சொல்வது அந்த வரியில் உள்ள பொருளின் தொகையை, தீர்வையை அன்று. மையவிலக்குப் பம்பு 12, ஒன்று 240.00 டாலர், வரித்தொகை 2,880.00, நிகர எடை 216.0 கிலோ, குறியீடு 8413.70. வால்வு 40, ஒன்று 18.50, வரித்தொகை 740.00, நிகர எடை 52.0 கிலோ, குறியீடு 8481.80. ரப்பர் கேஸ்கெட் 500, ஒன்று 0.36, வரித்தொகை 180.00, நிகர எடை 4.5 கிலோ, குறியீடு 4016.93. பொருள்களின் கூட்டுத்தொகை 3,800.00. அதன் கீழே சரக்குக் கட்டணம் 342.00, கட்டணமும் சேர்ந்த சி.எஃப்.ஆர். மொத்தம் 4,142.00, முன்பணம் கழித்தது 1,242.60, செலுத்த வேண்டிய மீதி 2,899.40. ஓர் ஓரத்தில் மொத்த எடை 318.0 கிலோ, நிகர எடை 272.5 கிலோ. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். தேவைப்படும் இடத்தில் நானே திரும்பச் சொல்கிறேன்.

அனுப்புநர் பத்து இலக்கக் குறியீடு கொடுத்திருக்கிறார். நம் சுங்கப் படிவம் எட்டு இலக்கம் கேட்கிறது. கடைசி இரண்டை வெட்டிவிடலாமா?

வெட்டினால் வருவது எட்டு இலக்கமாகத் தோன்றும் ஓர் எண், அவ்வளவுதான். பொருள்களை வகைப்படுத்தும் உலகச் சுங்க அமைப்பின் எச்.எஸ். முறையில் நாடுகளுக்குப் பொதுவாக இருப்பது முதல் ஆறு இலக்கங்கள் மட்டுமே. முதல் இரண்டு அத்தியாயம், நான்கு வரை தலைப்பு, ஆறு வரை உட்தலைப்பு. ஏழாவது இலக்கத்திலிருந்து ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு ஏற்பப் பிரித்துக்கொள்கிறது. ஏற்றுமதி செய்யும் நாட்டின் ஏழாவது, எட்டாவது இலக்கங்களுக்கும் இறக்குமதி செய்யும் நாட்டின் இலக்கங்களுக்கும் பொதுவாக ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆகவே அச்சிட்டபடி பத்து இலக்கத்தையும் முதல் கட்டத்தில் எழுதுங்கள். இரண்டாவது கட்டத்தில் ஆறு இலக்கம் மட்டும். உள்நாட்டுக் குறியீட்டை முடிவு செய்வது வகைப்படுத்துபவரின் பொறுப்பு. அதற்கு மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கட்டும். அதைப் படத்தைப் படிப்பவர் நிரப்பக்கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. எச்.எஸ். பட்டியல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. 2022 திருத்தத்தில் 8517.12 என்ற கைப்பேசிக் குறியீடு நீக்கப்பட்டு, ஸ்மார்ட்ஃபோனுக்கு 8517.13, மற்றவற்றுக்கு 8517.14 என்று பிரிந்தது. பழைய வார்ப்புருவிலேயே இன்வாய்ஸ் அடிக்கும் அனுப்புநர் இன்னும் 8517.12 என்று எழுதக்கூடும். அது வாசிப்புப் பிழை அன்று, தாளின் பிழை. முதல் கட்டத்தில் 8517.12 என்றே இருக்க வேண்டும். நீங்கள் 13 ஆக்கிவிட்டால், அனுப்புநரிடம் கேட்டுத் திருத்த வேண்டிய ஒன்று யார் கண்ணிலும் படாமல் மறைந்துவிடும்.

குறியீட்டில் ஓர் இலக்கம் மங்கியிருக்கிறது. பட்டியலில் தேடி, இருப்பதை எழுதிவிடுகிறேன். சரிதானே?

பாதி சரி. நம் மாதிரியில் கேஸ்கெட் வரியின் கடைசி இலக்கம் மடிப்பில் விழுந்து, 3 என்றும் 8 என்றும் படிக்கலாம்போல இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4016.98 என்று ஓர் உட்தலைப்பே கிடையாது. 91 முதல் 95 வரை இருக்கின்றன, அடுத்தது 99. பொருள் விவரமும் கேஸ்கெட் என்கிறது, 4016.93 அதற்கே உரியது. இங்கே பட்டியல் உண்மையிலேயே உதவுகிறது.

அடுத்த வரியில் அதே பட்டியல் காலை வாரிவிடும். வால்வின் 8481.80 என்பதில் 8 இலேசாகத் தேய்ந்து 3 ஆகத் தெரிந்தால் 8481.30 கிடைக்கும். அது செல்லுபடியாகும் குறியீடு: ஒருவழி வால்வு. பட்டியல் சோதனையில் எந்தத் தடையும் இல்லாமல் தேறிவிடும். இதற்குக் காரணம் எச்.எஸ். குறியீட்டில் சரிபார்ப்பு இலக்கம் கிடையாது என்பது. கன்டெய்னர் எண்ணின் கடைசி இலக்கம், அதற்கு முந்தைய எழுத்துகளையும் எண்களையும் வைத்துக் கணக்கிடப்படுவது. ஓர் இலக்கத்தை மாற்றிப் படித்தால் அநேகமாக அங்கேயே பிடிபடும். எச்.எஸ். குறியீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தவறாகப் படித்த எண்ணும் பல நேரங்களில் இன்னொரு பொருளின் சரியான எண்ணாக இருக்கும்.

எனவே பட்டியலில் இருக்கிறதா என்ற கேள்வியோடு நிற்காமல், பட்டியல் அந்தக் குறியீட்டுக்குச் சொல்லும் பொருளும் தாளில் எழுதியிருக்கும் பொருளும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். தாளில் வெறும் 'வால்வு' என்று மட்டும் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகும். அப்போது ஊகிக்காதீர்கள். முதல் கட்டத்தில் `8481.?0` என்று எழுதி, இரண்டாவதைக் காலியாக விட்டு, தெளிவான படம் கேளுங்கள். பட்டியலைப் பார்த்து முடிவு செய்த இலக்கமாக இருந்தாலும் 'ஊகித்தது' என்ற அடையாளம் கட்டாயம் வேண்டும். கேஸ்கெட் வரிக்கும் இது பொருந்தும்.

சில வரிகளில் குறியீடே இல்லை. மேல் வரியின் குறியீடுதான் கீழுக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

தாளில் மேற்கோள் குறி, அடைப்புக்கோடு, இணைந்த கட்டம் போன்ற ஏதாவது ஒரு சான்று இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது கட்டத்தில் மட்டும் எழுதுங்கள், முதல் கட்டம் காலியாகவே இருக்கட்டும். சான்று எதுவும் இல்லையென்றால் குறியீடு இல்லை என்றுதான் பொருள்.

0902.10 என்று பதிந்தது கோப்பைத் திறந்தால் 902.1 என்று நிற்கிறது. ஏன்?

விரிதாள் அதை எண்ணாக எடுத்துக்கொண்டுவிட்டது. முன்னே இருந்த பூஜ்யமும் பின்னே இருந்த பூஜ்யமும் போயின. முதல் ஒன்பது அத்தியாயங்களின் எல்லாக் குறியீடுகளும் இந்த ஆபத்தில் இருக்கின்றன: விலங்குகள், மீன், காய்கறி, தேயிலை, மிளகு எல்லாம் அங்கேதான். குறியீட்டுக் கட்டம் எப்போதும் எழுத்து வகையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே கெட்டுப்போன கோப்பில் பூஜ்யத்தை முன்னால் சேர்த்துச் சரிசெய்ய முயலாதீர்கள். 902.1 என்பது 0902.10 ஆகவும் இருந்திருக்கலாம், அனுப்புநர் ஓர் இலக்கத்தை விட்டுவிட்ட குறியீடாகவும் இருந்திருக்கலாம். படத்துக்குத் திரும்புவதுதான் வழி.

மொத்த எடை, நிகர எடை, கட்டண எடை என்று மூன்று எண்கள். எதை எழுதுவது?

மூன்றையும் எழுதுங்கள், தனித்தனிக் கட்டங்களில். நிகர எடை பொருளின் எடை. மொத்த எடை பெட்டி, தட்டு, சுற்றுத்தாள் எல்லாம் சேர்ந்தது. கட்டண எடை என்பது போக்குவரத்து நிறுவனம் பணம் வாங்குவதற்காகக் கணக்கிடுவது. அதற்கும் தராசுக்கும் தொடர்பே இல்லாமல் போகலாம். 60, 50, 40 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியின் கன அளவு 1,20,000 கன சென்டிமீட்டர். விமானச் சரக்கில் வழக்கமான 6,000 என்ற வகுஎண்ணால் வகுத்தால் 20 கிலோ. பல கூரியர்கள் பயன்படுத்தும் 5,000-ஆல் வகுத்தால் 24 கிலோ. உள்ளே இருப்பது 7 கிலோ பஞ்சாக இருக்கலாம். 24 கிலோவை நிகர எடைக் கட்டத்தில் எழுதிவிட்டால், எடை அடிப்படையில் தீர்வை விதிக்கப்படும் பொருளாக இருந்தால் இறக்குமதியாளர் காற்றுக்கும் சேர்த்து வரி கட்டுவார்.

எடையில் ஒரு நல்ல செய்தி உண்டு. தாளே தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். நம் மாதிரியில் பம்பு வரியின் எடைமேல் ஊதா நிற முத்திரை விழுந்திருக்கிறது. முத்திரையின் வளைவு 1 என்ற இலக்கத்தின் தலையைத் தொட்டுக்கொண்டு போவதால் 216.0 என்பது 276.0 போலத் தெரிகிறது. எழுத்துணரி மென்பொருள் 276.0 என்று கொடுத்துவிட்டது, மனிதர் பார்த்தாலும் அப்படித்தான் படிப்பார். இப்போது மூன்று வரிகளையும் கூட்டுங்கள்: 276.0, 52.0, 4.5 சேர்ந்து 332.5. ஆனால் மொத்த எடையே 318.0 தான். பொருள் மட்டும் தனியாக இருக்கும்போது, பெட்டியோடு சேர்ந்த எடையைவிடக் கூடுதலாக இருக்க முடியாது. எனவே ஏதோ ஓர் எண் தவறு. தாளில் அச்சாகியிருக்கும் நிகர மொத்தம் 272.5. அதிலிருந்து மற்ற இரண்டு வரிகளையும் கழித்தால் 216.0 மிஞ்சுகிறது, முத்திரையின் கீழே தெரியும் வடிவத்தோடும் பொருந்துகிறது. பம்பு ஒன்றுக்கு 18 கிலோ என்று முழு எண்ணாகவும் வருகிறது. 276 என்றால் 23 கிலோ, அதுவும் முழு எண்தான். அதனால் கடைசிச் சோதனை இங்கே எதையும் நிரூபிக்கவில்லை. முதல் இரண்டும்தான் முடிவு சொல்கின்றன.

இப்படிக் கணக்கால் மீட்ட எண்ணுக்கும் 'கணக்கிட்டது' என்ற அடையாளம் வேண்டும். ஒரே வரியில் ஒரே எண் மறைந்திருந்தால்தான் இந்த வித்தை செல்லும். இரண்டு எடைகள் மறைந்திருந்தால், கூட்டுத்தொகை சரியாக வரும்படி எத்தனையோ சேர்க்கைகளை உருவாக்கலாம்.

எடை '1.250' என்று இருக்கிறது. ஒன்றேகால் கிலோவா, ஆயிரத்து இருநூற்றைம்பதா?

அந்த எண்ணை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. உலகில் பல நாடுகள் புள்ளியைத் தசமத்துக்கும் காற்புள்ளியை ஆயிரத்துக்கும் வைக்கின்றன. வேறு பல நாடுகளில் நேர்மாறு. பக்கத்தில் எங்காவது இரண்டு குறிகளும் சேர்ந்து வரும் எண் இருக்கிறதா என்று தேடுங்கள். '3.800,00' என்று இருந்தால் அனுப்புநரின் வழக்கம் தெரிந்துவிடும். கடைசியில் வரும் குறிதான் தசமம்.

ஆனால் தொகைகளின் வழக்கமே எடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் மாதிரி இன்வாய்ஸில் தொகைகள் '3,800.00' என்றும் ஓர் எடை '216,0' என்றும் இருப்பதைக் கவனியுங்கள். எடைகள் வேறொரு மென்பொருளில் தயாரான பேக்கிங் லிஸ்டிலிருந்து ஒட்டப்பட்டால் இப்படி ஆகும். எனவே எடைகளின் வழக்கத்தை எடைகளிலிருந்தே கண்டுபிடியுங்கள். அப்படியும் முடியவில்லையென்றால், எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 500 கேஸ்கெட்டுக்கு 4,5 கிலோ என்றால் ஒன்று 9 கிராம், நம்பத்தக்கது.

நாணயத்திலும் இதே பொறி உண்டு. ஜப்பானிய யென்னுக்குத் தசமமே இல்லை. குவைத் தினார், பஹ்ரைன் தினார், ஓமான் ரியால் மூன்றுக்கும் மூன்று தசம இலக்கங்கள். எனவே '1.250' என்பது குவைத் தினாரில் முழுமையான, இயல்பான ஒன்றேகால். நாணயக் குறியைப் பதியாமல் மூன்றெழுத்து நாணயக் குறியீட்டைப் பதியுங்கள். டாலர் குறி பல நாடுகளுக்குப் பொது. யென்னும் யுவானும் ஒரே குறியைப் பகிர்ந்துகொள்கின்றன.

எடை பவுண்டில் இருந்தால்?

ஒரு பவுண்டு 0.45359237 கிலோ. வரிவரியாக மாற்றி முழுமைப்படுத்தினால் மொத்தம் இடறும்: மூன்று வரிகள் ஒவ்வொன்றும் 5 பவுண்டு என்றால் தலா 2.27, கூட்டினால் 6.81. 15 பவுண்டை நேரடியாக மாற்றினால் 6.80. இரண்டாவது கட்டத்தில் தசமங்களை வெட்டாமல் வைத்திருந்து, படிவத்தில் ஏற்றும்போது மட்டும் முழுமைப்படுத்துங்கள். பெரிய விஷயம் இல்லை, ஆனால் தினமும் யாராவது ஒருவர் இந்த 0.01 கிலோவைத் தேடி அரை மணி நேரம் போக்குகிறார்.

சரக்குக் கட்டணம் தாளில் தனியாகக் காட்டியிருக்கிறது. மதிப்போடு கூட்ட வேண்டுமா, வேண்டாமா?

படத்தைப் படிப்பவர் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். உலக வணிக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தம், இறக்குமதித் துறைமுகம் வரையிலான போக்குவரத்துச் செலவைத் தீர்வைக்குரிய மதிப்பில் சேர்ப்பதா விலக்குவதா என்ற முடிவை அந்தந்த நாட்டுக்கே விட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் சேர்க்கிறது, அமெரிக்கா சேர்ப்பதில்லை. ஆகவே ஒரே இன்வாய்ஸிலிருந்து இரண்டு நாடுகளில் இரண்டு மதிப்புகள் வரலாம். சரக்குக் கட்டணம் தன் கட்டத்தில் தனியாக இருந்தால்தான் இரண்டு கணக்கும் சாத்தியம்.

படிப்பவர் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே: அச்சிட்ட மொத்தத்துக்குள் சரக்குக் கட்டணம் ஏற்கெனவே இருக்கிறதா, இருந்தால் எங்கே இருக்கிறது? சோதனை எளிது. வரித்தொகைகளைக் கூட்டுங்கள். நம் மாதிரியில் கூட்டுத்தொகை 3,800.00. அதோடு 342.00 சேர்ந்தால்தான் 4,142.00 வருகிறது. எனவே கட்டணம் வரிகளுக்கு வெளியே, மொத்தத்துக்கு உள்ளே. இன்னொரு அனுப்புநர் இதே 342.00-ஐ அடியில் காட்டி, வரிகளின் கூட்டே 4,142.00 ஆக வரும்படி எழுதியிருப்பார். அங்கே அலகு விலைகளுக்குள்ளேயே கட்டணம் கலந்திருக்கிறது, அடியில் இருப்பது வெறும் தகவல். அதை மறுபடி கூட்டினால் 4,484.00 என்று எங்கும் இல்லாத ஒரு மதிப்பு பிறக்கும்.

எந்தச் செலவு விற்பவருடையது, எது வாங்குபவருடையது என்று சொல்லும் இன்கோடெர்ம்ஸ் சொல்லையும் அருகிலுள்ள இடப்பெயரையும் சேர்த்துப் பதியுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி முடிவு எடுக்காதீர்கள். சி.எஃப்.ஆர். என்றால் விற்பவர் கடல் கட்டணத்தைச் செலுத்துகிறார் என்று தெரியும். அது அலகு விலைக்குள் இருக்கிறதா, தனி வரியிலா என்பது தெரியாது. கடல் கட்டணம் வாங்குபவருடையது என்று பொருள்படும் எஃப்.ஓ.பி. என்று எழுதிவிட்டு அடியில் சரக்குக் கட்டணமும் சேர்த்து மொத்தம் போடுபவர்களும் இருக்கிறார்கள். சொல் ஒன்று கூற, கூட்டல் வேறொன்று கூறினால், இரண்டையும் உள்ளபடி பதிந்து முரண்பாடு என்று குறியுங்கள்.

கட்டணம் மொத்தமாக ஒரே எண். வரிவரியாக எப்படிப் பிரிப்பது?

இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மதிப்பின்படி பிரித்தால் நம் மாதிரியில் பம்புக்கு 259.20, வால்வுக்கு 66.60, கேஸ்கெட்டுக்கு 16.20. நிகர எடையின்படி பிரித்தால் முறையே 271.09, 65.26, 5.65. இரண்டு வழியிலும் கூட்டுத்தொகை 342.00 தான். ஆனால் கேஸ்கெட்டின் பங்கு ஏறக்குறைய மூன்று மடங்கு மாறுகிறது. மூன்று பொருள்களுக்கும் தீர்வை விகிதம் வேறுவேறாக இருந்தால், சுங்க அதிகாரி கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

எந்த வழி சரி என்பதை உங்கள் நாட்டின் விதி சொல்லும். விதி திறந்து விட்டிருந்தால் எடையின்படி பிரிப்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது, ஏனென்றால் கட்டணம் பிறப்பது பெரும்பாலும் எடையால்தான். எதைத் தேர்ந்தாலும் பதிவில் வழியின் பெயர் இருக்க வேண்டும், ஒரே இறக்குமதியாளருக்கு இன்று ஒன்று நாளை ஒன்று என்று மாறக்கூடாது. முழுமைப்படுத்தும்போது ஒரு காசு மிஞ்சினால் அதை மிகப் பெரிய வரியில் சேருங்கள். பிரித்த எண்கள் எதுவும் முதல் கட்டத்துக்குள் போகக்கூடாது, அவை தாளில் இல்லை.

இன்வாய்ஸில் சரக்குக் கட்டணமே இல்லை. பூஜ்யம் போடலாமா?

கூடாது. பூஜ்யம் என்றால் கட்டணம் இல்லை என்று யாரோ சொன்னதாகப் பொருள். காலி என்றால் தாள் எதுவும் சொல்லவில்லை என்று பொருள். விமானச் சரக்குக்கான ஏர்வே பில்லில் கட்டணம் தெரிந்தால் அதை எடுக்கலாம், ஆனால் எந்த ஆவணத்திலிருந்து எடுத்தது என்று சேர்த்து எழுதுங்கள். ஏர்வே பில்லின் நாணயம் இன்வாய்ஸ் நாணயமாகவே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

அறிவிக்கப்பட்ட மதிப்பு என்று எந்த மொத்தத்தை எடுப்பது? தாளின் கடைசியில் இருப்பதுதானே?

தாளின் கடைசியில் இருப்பது பல நேரங்களில் தவறான எண். நம் மாதிரியில் கடைசி எண் 2,899.40. கறுத்த எழுத்தில், தடித்த கட்டத்துக்குள், பளிச்சென்று இருக்கிறது. எழுத்துணரி மென்பொருளும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரும் முதலில் கை வைப்பது அங்கேதான். ஆனால் அது வாங்குபவர் இனி செலுத்த வேண்டிய மீதி. 30 விழுக்காடு முன்பணம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது, அதுவும் பொருளின் விலைதான். முன்பணத்தைக் கழித்த தொகையை மதிப்பாகக் காட்டினால் அது குறைத்துக் காட்டிய மதிப்பு. உள்நோக்கம் இல்லை என்று விளக்குவதற்குள் சரக்கு கிடங்கில் பல நாள் கிடக்கும்.

பதிய வேண்டிய தொகைகள் தனித்தனியாக: பொருள்களின் கூட்டு 3,800.00, சரக்குக் கட்டணம் 342.00, அச்சிட்ட இன்வாய்ஸ் மொத்தம் 4,142.00. முன்பணமும் மீதியும் தம் கட்டங்களில். தள்ளுபடி இருந்தால் அது வேறு கதை: விலையையே குறைப்பது தள்ளுபடி, கட்டும் தவணையைக் குறைப்பது முன்பணம். தாளில் இரண்டுமே கழித்தல் குறியோடுதான் நிற்கும். அருகிலுள்ள சொல்லைப் படிக்காமல் குறியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

விற்பவரே காப்பீடும் எடுத்துத் தரும் சி.ஐ.எஃப். இன்வாய்ஸ்களில் இன்னொரு பெரிய எண் கண்ணைக் கவரும்: காப்பீட்டுத் தொகை. இந்த விதிமுறையில் ஒப்பந்த விலையின் 110 விழுக்காட்டுக்குக் குறையாமல் காப்பீடு எடுக்க வேண்டும் என்பதால், அது இன்வாய்ஸ் மொத்தத்தைவிடச் சரியாகப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருப்பதைப் பார்க்கலாம். காப்பீட்டுக்காகச் செலுத்திய பிரீமியமும் இதுவும் வேறு வேறு.

இலவச மாதிரி என்று எழுதி மதிப்பு பூஜ்யம் என்று போட்டிருக்கிறார்கள்.

முதல் கட்டத்தில் பூஜ்யம். இரண்டாவது கட்டம் காலி, கூடவே ஒரு குறிப்பு. வாங்குபவர் பணம் கொடுக்கவில்லை என்பதால் பொருளுக்கு மதிப்பே இல்லை என்று ஆகிவிடாது, சுங்கத்துக்காக ஒரு மதிப்பு வேண்டும். அதை அனுப்புநர் திருத்திய இன்வாய்ஸில் தர வேண்டும். பல தாள்களில் அதே வரியின் கீழே சிறிய எழுத்தில் 'சுங்கத்துக்காக மட்டும்' என்று ஒரு மதிப்பு இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

பல பக்க இன்வாய்ஸில் மொத்தம் இரட்டிப்பாகிறது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வரும் பக்கக் கூட்டையும், அடுத்த பக்கத் தலைப்பில் முந்தைய பக்கத்திலிருந்து கொண்டுவந்த தொகையையும் வரிகளாக எண்ணியிருப்பீர்கள். எண்ணிக்கையும் அலகு விலையும் இல்லாத வரி, பொருள் வரி அன்று.

படம் பளிச்சென்று தெளிவாக இருக்கிறது. அப்படியும் சரிபார்க்க வேண்டுமா?

வேண்டும். மங்கலான படம் தன் குறையைத் தானே சொல்லிவிடும். தெளிவான படம் சொல்லாது. 2013-இல் ஜெர்மானியக் கணினியியலாளர் டேவிட் கிரீசல், சில நகல் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது 6 என்ற இலக்கத்தை 8 ஆக மாற்றிவிடுவதைக் கண்டறிந்து வெளியிட்டார். கோப்பின் அளவைக் குறைக்க, ஒன்றுபோல் தோன்றும் வடிவங்களை ஒரே வடிவமாகச் சேமிக்கும் சுருக்கமுறை அந்த இயந்திரங்களில் இருந்தது. சின்ன எழுத்தில் இருந்த 6, பக்கத்து 8-இன் பிரதியாக ஆகிவிட்டது. மாறிய இலக்கத்தில் மங்கல் இல்லை, கறை இல்லை, கூர்மையான 8. எந்த வாசிப்பும் அதைப் பிழை என்று சொல்லியிருக்காது.

கூட்டல் மட்டும் சொல்லியிருக்கும். எண்ணிக்கையை அலகு விலையால் பெருக்கினால் வரித்தொகை வர வேண்டும். வரித்தொகைகளைக் கூட்டினால் பொருள் கூட்டு வர வேண்டும். நிகர எடைகளைக் கூட்டினால் நிகர மொத்தம், அது மொத்த எடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். குறியீட்டுக்குக் கூட்டல் இல்லாததால் அங்கே பொருள் விவரம்தான் சாட்சி. ஸ்கேன் செய்வது உங்கள் கையில் இருந்தால் 300 டி.பி.ஐ. வையுங்கள், இழப்பில்லாத சேமிப்பு வகையைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை மறுபடி கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். வழியில் நடந்த சுருக்கம் முதலில் தின்பது தசமப் புள்ளியைத்தான்.

எல்லாம் சரியாகப் படித்தும் கூட்டல் 0.40 டாலர் இடிக்கிறது. நானே மொத்தத்தைத் திருத்தலாமா?

வேண்டாம். முதலில் முழுமைப்படுத்தலால் வந்ததா என்று பாருங்கள். அலகு விலை தாளில் இரண்டு தசமத்தில் தெரிந்தாலும் அனுப்புநரின் கணினியில் நான்கு தசமத்தில் இருக்கலாம். 0.36 என்று அச்சானது உள்ளே 0.3608 ஆக இருந்தால், 500 கேஸ்கெட்டுக்கு 180.40 வரும். உங்கள் பெருக்கலோ 180.00 தரும். இங்கே இடைவெளியின் எல்லையைக் கணக்கிட முடியும்: இரண்டு தசம விலையில் ஓர் அலகுக்கு அதிகபட்சம் 0.005 வரை ஒளிந்திருக்கலாம், எனவே 500 அலகுக்கு 2.50 வரை. இடைவெளி அதற்குள் இருந்தால் அச்சிட்ட வரித்தொகையை ஏற்று, காரணத்தைக் குறித்துக்கொண்டு மேலே போங்கள். 12 பம்புகள் உள்ள வரியில் அதே 0.40 இடித்தால் கதை வேறு. அங்கே 0.06-க்கு மேல் ஒளிய இடமே இல்லை. ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது அனுப்புநர் தவறாக அடித்திருக்கிறார். படத்தை மறுபடி பாருங்கள். படம் சரி என்றால் திருத்திய இன்வாய்ஸ் கேட்டு எழுதுங்கள், வரும்வரை அந்தப் பதிவை நிறுத்தி வையுங்கள்.